ஒரு தேள், மூன்று கேள்விகள்

இங்கிலாந்தில் பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் ஜிசிஎஸ்இ ஆங்கில இலக்கியத் தேர்வுக்கு 2017 முதல் பாடநூலைக் கொண்டுபோக முடியாது. அதற்கு முன் சில தாள்களுக்குக் குறிப்பெதுவும் எழுதாத புத்தகத்தை மேசையில் வைத்துக்கொள்ள விட்டார்கள். இப்போது நாடகமும் நாவலும் கவிதையும் பிள்ளையின் தலைக்குள்தான் இருக்க வேண்டும். அதனால் மார்ச் மாதம் பிறந்தாலே லண்டன் தமிழ் வீடுகளிலும் மேற்கோள் மனப்பாடம் தொடங்கிவிடுகிறது. பெற்றோரும் உதவிக்கு உட்காருகிறார்கள். அவர்களில் பலர் தங்கள் பள்ளி நாட்களில் மனப்பாடப் பாடலை அடிபிறழாமல் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். அந்தப் பழக்கத்தில், ‘மெக்பெத்’ நாடகத்தில் குத்துவாள் கண்முன் தோன்றும் தனிமொழி முழுவதையும், முப்பதுக்கு மேற்பட்ட வரிகளை, பிள்ளையை ஒப்பிக்கச் சொல்கிறார்கள்.

இந்தத் தேர்வில் ஒப்பித்ததற்கென்று மதிப்பெண் கிடையாது. பல பள்ளிகள் எடுக்கும் ஏக்யூஏ வாரியத்தின் வினாத்தாளில் ஷேக்ஸ்பியர் கேள்வி எப்படி வருகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். நாடகத்தின் ஒரு சிறு பகுதியை அச்சிட்டுக் கொடுத்து, அதன்கீழ் ஒரு கருப்பொருளையோ பாத்திரத்தையோ தருகிறார்கள். அந்தப் பகுதியிலும் நாடகம் முழுவதிலும் ஆசிரியர் அதை எப்படிக் காட்டுகிறார் என்று எழுத வேண்டும். எழுத்துப்பிழை, நிறுத்தற்குறிக்கான நான்கையும் சேர்த்து 34 மதிப்பெண். கையில் இருப்பது ஏறக்குறைய 50 நிமிடம். ஆக, அச்சிட்ட பகுதிக்கு மேற்கோள் கண்முன்னே இருக்கிறது. மனப்பாடம் தேவைப்படுவது மிச்ச நாடகத்துக்கு. என்ன கருப்பொருள் வரும் என்பதோ யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு கருப்பொருளுக்கும் ஐந்தாறு வரி என்று சேர்த்தால் பட்டியல் அறுபதைத் தாண்டும். கூடவே இன்னொரு நாவல், ஒரு நவீன நாடகம், பதினைந்து கவிதைகள் வேறு காத்திருக்கின்றன. பல கேள்விகளுக்கு வளைந்து கொடுக்கும் குறுந்தொடர்களைத் தேடச் சொல்வது இதனால்தான். மூன்று முதல் ஆறு சொல் போதும். ஒரு நாடகத்துக்கு எட்டோ பத்தோ போதும் என்பேன்.

எந்தத் தொடர் வளைந்து கொடுக்கும்? மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. அரசனைக் கொன்று முடிசூடிவிட்ட மெக்பெத், தன் மனம் தேள்களால் நிறைந்து கிடப்பதாக மனைவியிடம் முறையிடுகிறான். ஆங்கிலத்தில் அதன் உயிரான பகுதி மூன்றே சொல். அந்த மூன்று சொல்லை மூன்று வெவ்வேறு கேள்விகளில் வைத்துப் பார்ப்போம்.

குற்ற உணர்வு பற்றிய கேள்வி வந்தால் தேள் என்ற உருவத்தைப் பிடித்துக்கொள்ளலாம். கொட்டும் பிராணி வெளியே இல்லை, மண்டைக்குள் இருக்கிறது, ஒன்றல்ல, பல, இடமே மிச்சமில்லாமல் நிறைந்திருக்கிறது. பேராசை பற்றிக் கேட்டால், அந்த வரிக்கு அடுத்து அவன் சொல்லும் காரணத்துக்குப் போக வேண்டும். பாங்கோவும் அவன் மகனும் இன்னும் உயிரோடிருப்பதுதான் அவனை அரிக்கிறது. அதாவது கிடைத்த முடி போதவில்லை. ஆசை நிறைவேறிய பிறகும் அடுத்த கொலையைக் கேட்கிறது. கணவன்-மனைவி உறவு பற்றிக் கேட்டால், யாரிடம் சொல்கிறான் என்பது முக்கியமாகிறது. மனத்தின் வேதனையை அவளிடம் கொட்டுகிறான்; ஆனால் பாங்கோவைக் கொல்ல ஆளனுப்பியதை மட்டும் மறைக்கிறான். முதல் கொலைக்கு அவனை உந்தியவளே இரண்டாவதில் வெளியே நிற்கிறாள்.

மேற்கோள் மாறவில்லை. முதல் முறை சொல்லையும், இரண்டாம் முறை சூழலையும், மூன்றாம் முறை கேட்பவரையும் தொட்டிருக்கிறோம். ஒரு தொடரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த மூன்றையும் கேட்டுப் பார்க்கலாம்: பிரித்துப் பேசத்தக்க ஒரு சொல்லாவது அதில் உண்டா, அதற்கு முன்னும் பின்னும் நடப்பது என்ன, யார் யாரிடம் சொல்வது? கதையை நகர்த்த மட்டும் பயன்படும் வரிகள் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். இன்னார் இறந்தார் என்று அறிவிக்கும் வரி எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், அதை வைத்து எழுத ஒன்றும் இருக்காது.

பிறகு ஒரு தாளில் கட்டம் போட வேண்டும். இடப்பக்கம் மேற்கோள்கள், மேலே கருப்பொருள்கள்: பேராசை, குற்ற உணர்வு, மாயசக்தி, ஆண்மை, வெளித்தோற்றம், அரசாட்சி என்று. பொருந்தும் இடத்தில் குறியிடலாம். ஒரே ஒரு குறி விழுந்த வரி பட்டியலை விட்டுப் போகலாம். இரண்டு குறிகூட விழாத நெடுவரிசைக்கு இன்னொரு மேற்கோள் தேட வேண்டும். ‘மெக்பெத்’தில் அது பெரும்பாலும் அரசாட்சியாகத்தான் இருக்கும். பிள்ளைகள் மெக்பெத்தையும் அவன் மனைவியையுமே சுற்றி வருவதால் டங்கன், மால்கம் பேசியது எதுவும் பட்டியலில் இருக்காது. எல்லா மேற்கோளும் முதல் இரண்டு அங்கங்களிலிருந்தே வந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கையிலுள்ள ரத்தத்தைக் கழுவுவது பற்றி இரண்டாம் அங்கத்தில் லேடி மெக்பெத் எளிதாகப் பேசுகிறாள். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்தபடி அதே கையைத் தேய்க்கிறாள். இப்படிப்பட்ட இணை ஒன்று இருந்தால் பாத்திரம் மாறியதைத் தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

குறுக்கும்போது ஒரு ஆபத்து உண்டு. முதல் அங்கத்தின் கடைசிக் காட்சியில், பால் குடிக்கும் குழந்தையைத் தரையில் மோதிக் கொல்வது பற்றி லேடி மெக்பெத் பேசும் பேச்சு பலரும் எடுப்பது. அதில் கொடூரமான சொற்களை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டு, அவள் அப்படிச் செய்தவள் என்று எழுதிவிடுகிறார்கள். அவள் சொல்வதோ நிபந்தனை: கணவனைப் போலத் தான் சத்தியம் செய்திருந்தால் அதையும் செய்திருப்பேன் என்பது. சொல் குறைந்தாலும் அந்த நிபந்தனை நினைவில் நிற்க வேண்டும். அது இருந்தால்தான் ஆண்மையைக் கேலி செய்து அவனை வழிக்குக் கொண்டுவரும் தந்திரம் புலப்படும்.

வளைவதற்கும் எல்லை இருக்கிறது. ஒரே பத்தியை எழுதிப் பழகி, தேர்வறையில் கருப்பொருளின் பெயரை மட்டும் மாற்றிப் போடுவதை அனுபவமுள்ள திருத்துநர் உடனே கண்டுகொள்வார். வீட்டிலேயே சோதிக்கலாம்: பத்தியின் முதல் வாக்கியத்தை மறைத்துவிட்டு மிச்சத்தைப் படித்து, எந்தக் கேள்விக்கான விடை என்று சொல்ல முடியாவிட்டால் அது எந்தக் கேள்விக்கும் விடை இல்லை.

மனப்பாட அட்டையிலும் ஒரு திருத்தம் தேவை. வழக்கமாக ஒரு பக்கம் வரியின் பாதி, மறுபக்கம் மீதி என்று எழுதுகிறார்கள். தேர்வறையில் யாரும் பாதி வரியை எடுத்துக்கொடுப்பதில்லை, கருப்பொருளைத்தான் கொடுக்கிறார்கள். எனவே முன்பக்கம் ‘குற்ற உணர்வு’ என்று மட்டும் எழுதி, அதற்கு எந்தெந்தத் தொடர்கள், எந்தக் காட்சி, யார் யாரிடம் என்று வெற்றுத் தாளில் எழுதச் சொல்ல வேண்டும். மறுநாள் வேறொரு கருப்பொருள். அதே தேள் அங்கேயும் வந்து நின்றால் தேர்வு சரி.

இத்தனைக்குப் பிறகும் அறைக்குள் ஒரு சொல் வராமல் போகலாம். அப்போது பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு ஐந்து நிமிடத்தை இழக்கிறார்கள். சிலர் அந்தக் கருத்தையே கைவிடுகிறார்கள். மதிப்பெண் விதிகள் மேற்கோளை மட்டும் கேட்கவில்லை, நூலைச் சுட்டிக்காட்டினாலும் ஏற்கின்றன. பாங்கோவுக்கு ஆளனுப்பிவிட்டு மனைவியிடம் மறைக்கும் காட்சியில் மெக்பெத் தன் மனத்தை விஷப் பிராணிகளின் கூடாகப் பேசுகிறான் என்று சொந்த வாக்கியத்தில் எழுதி, அங்கிருந்து விளக்கத்தைத் தொடரலாம். மேற்கோள் குறி மட்டும் போடக் கூடாது.