திங்கட்கிழமைக்கு நான்கு எண்கள்

மதுரையில் டியூஷன் சென்டர்களுக்கு ஒரு சின்ன மென்பொருளை மாதச் சந்தாவுக்கு விற்கிறார் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர். பிள்ளைகளின் வருகைப்பதிவு, ஃபீஸ் கணக்கு, பெற்றோருக்கு மெசேஜ், அவ்வளவுதான் அதன் வேலை. போன வாரம் டீக்கடையில் உட்கார்ந்ததும் போனை என் பக்கம் திருப்பினார். பேமென்ட் கேட்வே கொடுத்த டேஷ்போர்டு. இருபதுக்கு மேல் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு கோடு.

“இந்த வாரம் வசூல் எகிறியிருக்குண்ணே. ஆனா ஏழு பேர் போயிட்டாங்கன்னும் காட்டுது. எதை நம்புறது?”

“ரெண்டுமே உண்மைதான் தம்பி. ஆனா இன்னைக்கு என்ன செய்யணும்னு ரெண்டுமே சொல்லலை” என்றேன்.

சின்னத் தொழிலில் வாரம் ஒருமுறை பார்க்கத் தகுந்த எண்ணுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். அந்த எண் மாறினால், யாருக்குப் போன் போடுவது அல்லது எதைச் சரிசெய்வது என்று அன்றைக்கே தெரிய வேண்டும். அப்படித் தெரியாத எண்ணை மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அவர் தொழிலுக்கு இந்தச் சோதனையில் தேறியவை நான்கு.

முதலாவது, மாதச் சந்தா வருமானம். இது வசூல் அல்ல. இப்போது இருக்கும் சந்தாதாரர்கள் எல்லோரும் இப்படியே தொடர்ந்தால் ஒரு மாதத்துக்கு எவ்வளவு வரும் என்பதுதான் அது. அவரிடம் 212 சென்டர்கள். 180 பேர் மாதம் 600 ரூபாய்த் திட்டத்தில் இருக்கிறார்கள், அது 1,08,000. மீதி 32 பேர் வருடத்துக்கு 6,000 கட்டுகிறவர்கள். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 500. 32 பேருக்கு 16,000. ஆக 1,24,000 ரூபாய்.

வசூல் ஏன் எகிறியது என்று பார்த்தோம். வருடத் திட்டக்காரர்கள் ஐந்து பேர் ஒரே வாரத்தில் புதுப்பித்திருந்தார்கள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு ஒருவருக்கு 7,080. ஐந்து பேருக்கு 35,400. பணம் வந்தது நிஜம். ஆனால் அவர்கள் ஏற்கெனவே அந்த 32 பேரில் இருப்பவர்கள். மாத வருமானம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அதிலுள்ள 5,400 ரூபாய் ஜிஎஸ்டியும் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய பணம். அதனால் இந்த எண்ணைக் கணக்கிடும்போது மூன்றை விலக்குங்கள்: ஜிஎஸ்டியை, இலவசச் சோதனைக் காலத்தில் இருப்பவர்களை, முதல்முறை அமைத்துக்கொடுக்க வாங்கும் கட்டணத்தை.

இரண்டாவது எண்ணும் மூன்றாவது எண்ணும் ஒட்டிப் பிறந்தவை. டேஷ்போர்டு அவற்றைச் சேர்த்துத்தான் காட்டுகிறது. பிரிப்பது நம் வேலை. தாமாக முடிவெடுத்துப் போனவர்கள் எத்தனை பேர்? போக நினைக்காமலே, பணம் எடுக்க முடியாததால் கழன்றுபோனவர்கள் எத்தனை பேர்?

ஏழு பேரின் பட்டியலைத் திறந்தோம். ரத்து பட்டனை அமுக்கியவர்கள் இரண்டு பேர். மற்ற ஐந்து பேரும் பணம் வராமல் நின்றவர்கள். இரண்டு வாரத்துக்கு முன்பு 45 பேருக்குத் தவணை வந்திருக்கிறது. ஒன்பது பேரிடம் முதல் முயற்சியில் பணம் எடுக்க முடியவில்லை. அடுத்த பதினான்கு நாளில் நான்கு பேரிடமிருந்து வந்துவிட்டது. வராத ஐந்து பேரைத்தான் கேட்வே ‘போனவர்கள்’ கணக்கில் சேர்த்துவிட்டது. இந்தக் காரணத்தால், தோல்வியடைந்த தவணைகளுக்கு அந்த வாரத்திலேயே தீர்ப்பெழுதாமல் பதினான்கு நாள் கழித்து, ‘ஒன்பதில் நான்கு வந்தது’ என்று எழுதுவது நல்லது. இல்லாவிட்டால் பாதி வழியில் இருப்பவர்களையும் தொலைந்தவர்களாக எண்ணிவிடுவோம்.

ஒவ்வொரு தோல்விக்கும் கேட்வே ஒரு காரணம் தருகிறது. அதைத்தான் யாரும் படிப்பதில்லை. அந்த ஐந்தில் இரண்டு பேருக்குக் கணக்கில் போதிய பணம் இல்லை. டியூஷன் சென்டருக்குக் கையில் காசு புழங்குவது ஃபீஸ் வரும் மாத முதல் பத்து நாளில்தான். இவர்களுடைய தவணை 24ஆம் தேதி. மறுமுயற்சிகளும் அடுத்தடுத்த நாட்களிலேயே நடந்து முடிந்திருந்தன. யூபிஐ ஆட்டோபேயில் 2025 ஆகஸ்டிலிருந்து ஒரு தவணைக்கு முதல் முயற்சிக்குப் பிறகு மூன்று மறுமுயற்சிகள்தான் என்று வரம்பு இருக்கிறது. மூன்றையும் காலியான கணக்கிலேயே செலவழித்துவிட்டால் பிறகு மனிதர்தான் கேட்க வேண்டும். மறுமுயற்சிகளை இடைவெளி விட்டு வைப்பதும், இவர்களைப் போன்றவர்களுக்குத் தவணைத் தேதியை 7ஆம் தேதிக்கு மாற்றித் தருவதும்தான் மருந்து.

இன்னும் இரண்டு பேரின் கார்டு காலாவதியாகியிருந்தது. இங்கே எத்தனை தடவை முயன்றாலும் பலனில்லை. புதிய கார்டிலோ யூபிஐயிலோ மறுபடி அனுமதி தர ஒரு லிங்க் அனுப்ப வேண்டும்.

ஐந்தாவது நபர் வேறு ரகம். தன் யூபிஐ செயலிக்குள் போய் ஆட்டோபே அனுமதியையே ரத்து செய்திருந்தார். நம் மென்பொருளில் ரத்து பட்டனை அவர் தொடவில்லை. ஆனால் முடிவு அவருடையதுதான். இவரை முதல் பட்டியலுக்கு மாற்ற வேண்டும். ஆகத் தாமாகப் போனவர்கள் மூன்று பேர், கழன்றுபோனவர்கள் நான்கு பேர்.

தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தகவலில் பெயர், தொகை, தேதி போன்ற விவரங்கள்தான் இருக்கும். மென்பொருளை அதிகம் தொடாதவர் அதைப் பார்த்ததும் அனுமதியை நிறுத்திவிடலாம். தவணைக்கு முந்தின நாள் ரத்துகள் கூடினால் இதுதான் நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். தவணைக்கு இரண்டு நாள் முன்பே, ‘இந்த மாதம் உங்கள் சென்டரில் இத்தனை பிள்ளைகளுக்கு வருகை பதிவாகியிருக்கிறது’ என்று நாமே ஒரு செய்தி அனுப்பினால், மறுநாள் வரும் வங்கித் தகவல் திடுக்கிட வைக்காது.

தம்பி ஒரு சந்தேகம் கேட்டார். “போனவங்க கணக்கைச் சதவீதத்துல பார்க்கக் கூடாதாண்ணே? எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?”

212 பேரில் ஏழு பேர் போனால் 3.3 சதவீதம். அடுத்த வாரம் இரண்டு பேர் போனால் 0.9. தொழில் மூன்று மடங்கு மேம்பட்டுவிட்டதா? இல்லை, ஐந்து பேர்தான் வித்தியாசம். சில நூறு வாடிக்கையாளர்கள் இருக்கும்வரை வாரச் சதவீதம் காற்றில் ஆடும் விளக்கு மாதிரி. வாரத்துக்கு எண்ணிக்கையையும் பெயரையும் பாருங்கள். சதவீதம் வேண்டுமானால் நான்கு வாரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளரின் ஆயுள் மதிப்பு என்று டேஷ்போர்டில் ஒரு கட்டம் இருந்தது. மாதச் சந்தாவை, மாதம் போகிறவர்களின் விகிதத்தால் வகுத்து வரும் எண் அது. விகிதம் 1 சதவீதம் என்றால் 60,000 ரூபாய். 3 சதவீதம் என்றால் 20,000. நாலைந்து பேர் இப்படியோ அப்படியோ போனதில் மூன்று மடங்கு மாறும் எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. அதை வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

நான்காவது எண்ணை எந்த டேஷ்போர்டும் காட்டாது. மென்பொருளில் யாருக்கெல்லாம் கதவு திறந்திருக்கிறது என்பது ஒரு பட்டியல். யாருடைய சந்தா உயிரோடு இருக்கிறது என்பது கேட்வேயின் பட்டியல். இரண்டிலும் ஒத்துப்போகாத பெயர்கள் எத்தனை? அது பூஜ்யமாக இருக்க வேண்டும்.

நான்கு பேர் புதிதாகச் சேர்ந்து ஏழு பேர் போனதால் கேட்வேயில் 209 பேர். அவர் மென்பொருளில் 213 பேருக்குக் கதவு திறந்திருந்தது. “நாலு பேர்தானே வித்தியாசம்” என்றார். கழித்துப் பார்க்காதீர்கள், பெயருக்குப் பெயர் பொருத்திப் பாருங்கள் என்றேன். பொருத்தியபோது ஆறு பெயர்கள் வந்தன. ஐந்து பேர் பணம் வராமலே உள்ளே இருந்தார்கள். ஒருவர் பணம் கட்டியும் வெளியே பூட்டப்பட்டிருந்தார். ‘பணம் வந்துவிட்டது’ என்று கேட்வே அனுப்பும் வெப்ஹுக் செய்தி, சர்வர் சிறிது நேரம் நின்றிருந்தபோது வந்து தொலைந்துபோயிருக்கிறது. பூட்டப்பட்டவர் இன்னும் புகார்கூடச் சொல்லவில்லை. கழித்தல் கணக்கு அவரை மறைத்துவிட்டது.

உள்ளே இருந்த அந்த ஐந்து பேர் யார்? பணம் வராமல் நின்ற அதே ஐவர். அவர்களில் நான்கு பேர் முந்தின நாள்கூட வருகை பதிந்திருந்தார்கள். அனுமதியை ரத்து செய்தவர் மட்டும் மூன்று வாரமாக நுழையவில்லை. யாருக்குப் போன் போட வேண்டும் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிட்டது.

டீ ஆறிப்போயிருந்தது, இன்னொன்று சொன்னோம். தம்பி அங்கேயே முதலில் பூட்டப்பட்டவருக்குக் கதவைத் திறந்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு நான்கு பேருக்கும் போன் போட்டார். இரண்டு பேர் புதிய அனுமதி தந்தார்கள். ஒருவர் தேதியை 7க்கு மாற்றச் சொல்லி, அப்போதே யூபிஐயில் கட்டிவிட்டார். நான்காமவர் எடுக்கவில்லை.

நோட்டில் அந்த வாரத்துக்கான வரி இப்படி ஆனது: புதியவர்கள் 4, கூடுதல் 2,400. தாமாகப் போனவர்கள் 3, குறைவு 1,800. பணம் வராமல் கழன்றவர்கள் 4, மீண்டவர்கள் 3, குறைவு 600. பொருந்தாத பெயர்கள் 6. மாதச் சந்தா வருமானம் 1,24,000.

“ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துட்டோமேண்ணே” என்றார்.

ஆமாம், அதே தொகைதான். போன்கள் போடாமல் இருந்திருந்தால் 1,22,200 ஆக இருந்திருக்கும். மீண்ட அந்த மூன்று சென்டர்களும் வருடத்துக்கு 21,600 ரூபாய். போன் எடுக்காத அந்த ஒருவரின் பெயரை அடுத்த திங்கட்கிழமைப் பக்கத்தின் முதல் வரியில் எழுதிக்கொண்டு தம்பி எழுந்தார்.