பிராட்மேனின் மட்டையா, பிராட்மேன் பெயர் போட்ட மட்டையா?

பரணிலிருந்து இறக்கிய ஒரு பழைய கிரிக்கெட் மட்டை. முகப்பில் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் டான் பிராட்மேனின் கையெழுத்து. 1934-இல் இங்கிலாந்தின் ஹெட்டிங்லி மைதானத்தில் அவர் 304 ரன் எடுத்த மட்டை இதுதான் என்று வீட்டார் நம்புகிறார்கள். இதை எப்படிச் சோதிப்பது?

முதலில் கையெழுத்து. பிராட்மேன் ஆடியது இங்கிலாந்தின் யார்க்ஷயரில் இருந்த வில்லியம் சைக்ஸ் நிறுவனத்தின் மட்டைகளில். அந்நிறுவனம் அவர் கையெழுத்தை அச்சிட்டே ஏராளமான மட்டைகளைக் கடைகளில் விற்றது. ஆகவே லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். பேனா மை மரத்தின் இழைகளுக்குள் ஊறி, ஓரங்களில் லேசாகக் கசிந்திருக்கும். கோடுகள் குறுக்கிடும் இடத்தில் நிறம் அடர்ந்திருக்கும். அச்சுக் கையெழுத்தில் நிறம் ஒரே சீராக இருக்கும்.

அடுத்தது லேபிள். சைக்ஸ் நிறுவனத்தை ஸ்லேசெஞ்சர் வாங்கியது 1940-களில். லேபிளில் ஸ்லேசெஞ்சர் பெயரும் இருந்தால் 1934 என்ற கதை அங்கேயே முடிந்துவிடும். சைக்ஸ் பெயர் மட்டும் இருந்தால், லேபிளின் உரிந்த ஓரத்தைக் கவனிக்கலாம். வெளிச்சமும் எண்ணெயும் படாததால் அதன் அடியில் மரம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். சுற்றிலும் உள்ள அதே பழுப்பு அடியிலும் இருந்தால், பழைய மட்டையில் பின்னால் ஒட்டிய லேபிளோ என்று சந்தேகிக்க வேண்டும்.

பிறகு தேய்மானம். ஆடிய மட்டையில் பந்தின் சிவப்புக் கறை, அடி நன்றாக விழும் இடத்தில் குவிந்திருக்கும். விளிம்புகளில் சிதறலாக இருக்கும். சில வடுக்களில் பந்தின் தையல் தடம்கூடத் தெரியும். தரையில் தட்டித் தட்டி நுனி மழுங்கியிருக்கும். உப்புத்தாள் தேய்த்தும் சாயம் பூசியும் பழசாக்கிய மட்டையிலோ தேய்மானம் எங்கும் ஒரே மாதிரி பரவியிருக்கும்.

மட்டையோடு ஒரு ஆட்ட நிகழ்ச்சி நிரலும் வந்தால் அதையும் சோதிக்கலாம். இங்கிலாந்தில் ஷில்லிங் கணக்கு 1971 பிப்ரவரி 15-இல் ஒழிந்தது. பழைய ஆட்டத்தின் நிரலில் புதிய பென்ஸ் விலை இருந்தால் அது மறுபதிப்பு. புறஊதா விளக்கின் கீழ் தாள் பளீரென நீலவெள்ளையாக ஒளிர்ந்தாலும் சந்தேகம்தான். அப்படி ஒளிரச் செய்யும் வெண்மையூட்டிகள் 1930-களின் தாளில் கிடையாது.

இத்தனையும் தேறினாலும் தெரிவது, மட்டை 1930-களைச் சேர்ந்தது, யாரோ ஆடியது என்பது மட்டுமே. அந்த யாரோ பிராட்மேன்தான் என்று காட்ட வேறு சான்று வேண்டும். ஆட்டத்தின்போது எடுத்த தெளிவான புகைப்படத்தில் மரத்தின் இழைக்கோடுகளும் கறைகளும் கையிலுள்ள மட்டையோடு ஒத்துப்போக வேண்டும். அல்லது பிராட்மேன் அதை யாருக்குக் கொடுத்தார், வாங்கியவரிடமிருந்து யாரிடம் வந்தது என்பதை அந்தந்தக் காலத்துக் கடிதங்கள் இடைவெளியில்லாமல் சொல்ல வேண்டும். ஐம்பது வருடம் கழித்து எழுதிய கடிதம், எழுதியவரின் நம்பிக்கைக்கு மட்டுமே சாட்சி.

உங்கள் வீட்டிலும் பழைய மட்டை இருந்தால் அதைத் துடைத்து மெருகேற்றாதீர்கள். அந்த அழுக்கில்தான் சான்று இருக்கிறது.