அரபுப் பாதுகாப்புப் பலகைகளை வாசிப்பது எப்படி?

வளைகுடா நாடுகளின் தொழிற்சாலைகளில் நிரந்தரப் பலகைகள் பெரும்பாலும் அரபு, ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் இருக்கும். பழுது பார்க்கும்போது அவசரமாக எழுதித் தொங்கவிடும் அட்டைகளில் அரபு மட்டுமே இருப்பதுண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அரபு மொழி முழுவதையும் கற்றபின்தான் இவற்றை வாசிக்க முடியும் என்பதில்லை. நிறம், சில சொற்கள், பத்து எண்கள் ஆகிய மூன்றும் தெரிந்தால் பெரும்பாலான பலகைகள் புரிந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியவை நிறமும் வடிவமும். குறுக்குக் கோடு போட்ட சிவப்பு வட்டம் ‘செய்யாதே’ என்று தடுக்கிறது. மஞ்சள் முக்கோணம் அங்கே ஆபத்து இருப்பதைச் சொல்கிறது. நீல வட்டம் ஹெல்மெட், கையுறை, கண்ணாடி போன்றவற்றைக் கட்டாயமாக அணியச் சொல்கிறது. பச்சைப் பலகை வெளியேறும் வழியையும் முதலுதவி இடத்தையும் காட்டுகிறது. தீயணைப்புக் கருவி இருக்கும் இடத்துக்குச் சிவப்புச் சதுரம். சர்வதேசத் தரக்குறியீடு என்பதால் எந்த நாட்டிலும் இவற்றின் பொருள் மாறுவதில்லை.

அடுத்தது சொற்கள். அரபு வலமிருந்து இடமாக எழுதப்படுவதால், ஒரு சொல்லின் முதல் எழுத்து வலது ஓரத்தில் இருக்கும். அங்கே இரண்டு சிறு சுழிகள் அடுத்தடுத்து வந்தால் அது பெரும்பாலும் ‘மம்னூ’, அதாவது தடை. ‘மம்னூ அத்-தத்கீன்’ என்றால் புகைபிடிக்கத் தடை. ‘மம்னூ அத்-துகூல்’ என்றால் உள்ளே நுழையத் தடை. மேலே ஒரே ஒரு புள்ளியுடன் தொடங்கும் மூன்றெழுத்துச் சொல் ‘கதர்’. ஆபத்து என்று பொருள்.

உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ள சொல் ‘லா’. அடியில் சேர்ந்து மேலே பிரியும் இரண்டு கோடுகளாக அது தெரியும். ‘கூடாது’ என்பது அதன் பொருள். இயந்திரத்தின் சுவிட்சில் ‘லா துஷக்கில்’ என்ற அட்டை தொங்கினால், அதை இயக்கக் கூடாது. இயந்திரம் நின்றிருப்பதைக் கண்டு, யாரோ மறந்துவிட்டார்கள் என்று அட்டையைக் கழற்றிவிடக் கூடாது. உள்ளே ஒருவர் கையை விட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருக்கலாம். அட்டையைத் தொங்கவிட்டவர்தான் அதைக் கழற்ற வேண்டும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது எண்களில். சில பலகைகளில் நமக்குத் தெரிந்த எண்களே இருக்கும். சிலவற்றில் அரபு வடிவ எண்கள் இருக்கும். இந்த வடிவத்தில் பூஜ்யம் ஒரு புள்ளி; ஒன்று ஒரு நேர்கோடு. ஐந்து ஒரு வட்டம். அது நம் கண்ணுக்குப் பூஜ்யமாகத் தெரியும். ஆறு ஏறத்தாழ நம் 7 போல இருக்கும். ஏழு ஆங்கில ‘வி’ எழுத்து. அதைத் தலைகீழாக்கினால் எட்டு. நான்கு, திருப்பிப் போட்ட 3 போலிருக்கும். ஒன்பதில் குழப்பமில்லை.

ஒரு கிரேனில் ‘அல்-ஹுமூலா அல்-குஸ்வா’, அதாவது அதிகபட்சச் சுமை என்ற சொற்களுக்குப் பக்கத்தில் 7 போன்ற ஓர் எண்ணும் ‘டன்’ என்ற சொல்லும் இருப்பதாகக் கொள்வோம். கிரேனின் உண்மையான வரம்பு 6 டன். 7 என்று நினைத்துச் சுமையேற்றினால், வரம்பைவிட ஒரு டன் அதிகமாகிவிடும். சந்தேகம் வந்தால், அதே பலகையில் ‘வி’ வடிவம் வேறெங்காவது இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் அந்தப் பலகை அரபு எண்களில் எழுதப்பட்டது. 7 போலத் தெரிவது ஆறுதான்.

எண்களின் வரிசையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எழுத்து வலமிருந்து ஓடினாலும், ஓர் எண்ணுக்குள் இலக்கங்கள் நம்முடையதைப் போலவே இடமிருந்து வலமாகத்தான் போகும். ஆனால் ‘மின் 12 இலா 3’, அதாவது 12 முதல் 3 வரை என்ற நேர அறிவிப்பில், வலப்பக்கம் இருக்கும் 12தான் தொடக்கம். இடமிருந்து படித்தால் 3 முதல் 12 வரை என்று தலைகீழாகிவிடும். கோடையில் வெயிலில் வேலை செய்யத் தடையுள்ள மதிய நேரத்தைச் சொல்லும் அறிவிப்பில் இந்தத் தவறு நேரக் கூடாது.

அவசர எண்களை நாட்டுக்கு நாடு சரிபார்க்க வேண்டும். சவூதியில் தீயணைப்புக்கு 998, ஆம்புலன்ஸுக்கு 997. ஐக்கிய அரபு அமீரகத்தில் நேர்மாறாக, தீயணைப்புக்கு 997, ஆம்புலன்ஸுக்கு 998. சவூதியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு அமீரகம் போகிறவர் பழைய நினைவில் அழைத்துவிடக் கூடாது.

வேலையில் சேரும் முதல் நாளே, தம் இடத்திலிருந்து ‘மக்ரஜ்’ என்று எழுதிய பச்சைப் பலகை வரை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். அதுதான் வெளியேறும் வழி. புரியாத பலகை கண்ணில் பட்டால், சூபர்வைசரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அந்த இயந்திரத்தைத் தொட வேண்டும்.