ரேசி பொறுப்பு அணி

ரேசி பொறுப்பு அணி என்பது ஒரு திட்டத்தின் ஒவ்வொரு வேலையிலும் யாருக்கு என்ன பங்கு என்பதை ஒரே பக்கத்தில் காட்டும் அட்டவணை ஆகும். வேலைகள் இடப்பக்கம் வரிசையாகவும், ஆட்கள் மேலே நெடுக்கையாகவும் எழுதப்படுவர். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் அந்த ஆளின் பங்கு குறிக்கப்படும். திட்ட மேலாண்மையில் இது பொறுப்பு ஒதுக்கீட்டு அணிகளுள் ஒரு வகையாகக் கருதப்படுகிறது. நான்கு பங்குகளின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்து இப்பெயர் உண்டானது.

நான்கு பங்குகள்

* செய்பவர் (செ): வேலையைக் கையால் செய்து முடிப்பவர். பலர் இருக்கலாம்.
* பொறுப்பேற்பவர் (பொ): முடிந்த வேலைக்கு ஒப்புதல் தருபவர், தவறினால் பதில் சொல்ல வேண்டியவர். ஒரு வேலைக்கு ஒருவர் மட்டுமே.
* கலந்தாலோசிக்கப்படுபவர் (க): முடிவுக்கு முன்பு கருத்துக் கேட்கப்படுபவர்.
* அறிவிக்கப்படுபவர் (அ): முடிவுக்குப் பின்பு செய்தி பெறுபவர். இவருடைய பதிலுக்காக வேலை நிற்காது.

முதல் இரண்டு பங்குகளையும் பேச்சுவழக்கில் "பொறுப்பு" என்றே சொல்லிவிடுகிறோம். "மெய்ப்புக்கு அவர்தான் பொறுப்பு" என்றால், அவர் திருத்துகிறாரா, திருத்தியது சரி என்று ஒப்புகிறாரா என்பது விளங்காது. இந்த இரண்டையும் பிரித்து எழுதுவதே அணியின் முதன்மைப் பயன். சிறிய திட்டத்தில் ஒரே ஆள் இரண்டையும் ஏற்கலாம். அப்போது "செ/பொ" என்று குறிப்பர்.

எடுத்துக்காட்டு

ஒரு கல்லூரித் துறை 300 படிகள் கொண்ட ஆண்டு மலரை வெளியிடுவதாகக் கொள்வோம்.

| வேலை | துறைத் தலைவர் | பேராசிரியர் | மாணவர் குழுத் தலைவர் | வடிவமைப்பாளர் | அச்சகத்தார் |
|---|---|---|---|---|---|
| கட்டுரை திரட்டுதல் | அ | க | செ/பொ | அ | – |
| மெய்ப்புத் திருத்தம் | – | பொ | செ | அ | – |
| பக்க வடிவமைப்பு | – | க | பொ | செ | க |
| இறுதி ஒப்புதல் | பொ | பொ | செ | அ | அ |
| அச்சிடுதல் | அ | அ | பொ | – | செ |
| கட்டணம் செலுத்துதல் | பொ | க | செ | – | அ |

வடிவமைப்பு வரிசையில் அச்சகத்தார் "க" ஆக இருப்பதற்குக் காரணம் உண்டு. தாளின் அளவையும் ஓரத்தில் விடவேண்டிய இடத்தையும் அவரிடம் முன்பே கேட்காவிட்டால், முடித்த பக்கங்களை மீண்டும் அமைக்க நேரிடும்.

சரிபார்க்கும் முறை

அணியை முதலில் வரிசை வரிசையாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் குறைந்தது ஒரு "செ", சரியாக ஒரு "பொ" இருக்க வேண்டும். மேலே இறுதி ஒப்புதலில் இரண்டு "பொ" உள்ளன. பேராசிரியர் பார்த்திருப்பார் என்று துறைத் தலைவரும், துறைத் தலைவர் பார்ப்பார் என்று பேராசிரியரும் எண்ணினால், அட்டையில் உள்ள ஆண்டு தவறாக இருந்தாலும் 300 படிகளும் அச்சாகிவிடும். இருவரும் பார்த்து வெவ்வேறு திருத்தம் சொன்னாலோ, எதை ஏற்பது என்று தெரியாமல் வேலை நிற்கும். பேராசிரியருக்கு மட்டும் "பொ" கொடுத்து, துறைத் தலைவரை "க" ஆக மாற்றினால் சிக்கல் தீரும். அவர் தம் வாழ்த்துரையையும் பெயர்களையும் பார்த்துக் கருத்துச் சொல்வார். அச்சுக்கு அனுப்பலாம் என்ற சொல் பேராசிரியருடையது.

அடுத்து நெடுக்கையாகப் படிக்க வேண்டும். மாணவர் குழுத் தலைவருக்கு ஆறு வரிசைகளிலும் "செ" அல்லது "பொ" விழுந்துள்ளது. அவர் ஒரு வாரம் வராவிட்டால் மலர் முழுவதும் நின்றுவிடும். மேலும் கட்டுரைகளைத் திரட்டிப் பலமுறை படித்தவருக்கு அவற்றிலுள்ள பிழைகள் எளிதில் கண்ணில் படா. எனவே ஒரு நெடுக்கையைக் கூட்டி, மெய்ப்புத் திருத்தத்தை வேறொரு மாணவருக்கு மாற்றுவது பொருந்தும்.

"க" குறிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு "க"வும் ஒருவருடைய பதிலுக்குக் காத்திருப்பதாகும். மரியாதைக்காக எல்லோரையும் "க" ஆக்கினால் வேலை தாமதமாகும். தெரிந்துகொண்டால் போதும் என்பவரை "அ" ஆக்குவதே சரி.

வரம்புகள்

இந்த அணி வேலைகளின் வரிசைமுறையையோ முடிக்கும் நாளையோ காட்டாது. அதற்குத் தனிக் கால அட்டவணை வேண்டும். அதிகாரத்தையும் அது தானாக வழங்குவதில்லை. அச்சிடுதலுக்குப் "பொ" ஆன குழுத் தலைவர், மங்கலாக அச்சான படிகளை அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பும் உரிமை பெற்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அக்குறி பெயரளவில்தான் இருக்கும். அணியை ஒருவர் தனியே எழுதிச் சுற்றுக்கு விடாமல், குறிக்கப்பட்ட அனைவரும் தம் நெடுக்கையைப் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஆள் மாறினால் அன்றே திருத்த வேண்டும். இரண்டு பேர் ஒரே நாளில் முடிக்கும் வேலைக்கு இது தேவையில்லை.