இமை வீக்கமா, தைராய்டா?

நாற்பத்தைந்து வயது லாரி ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் இமைகள் வீங்கியிருக்கின்றன, கண் சிவந்து நீர் வடிகிறது. தூசி அலர்ஜி என்று மாதக்கணக்கில் சொட்டு மருந்து விடுகிறார். பிறகு அண்ணாந்து பார்த்தால் சிக்னல் விளக்கு மேலும் கீழுமாக இரண்டு தெரிகிறது. ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடுகிறது. மேலிமை ஏறி, கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிவதால் யாரையோ முறைப்பதுபோல் இருக்கிறது முகம். இது அலர்ஜி அல்ல, தைராய்டு கண் நோய்.

தைராய்டைத் தாக்கும் அதே எதிர்ப்புப் பொருள்கள் கண்ணுக்குப் பின்னுள்ள கொழுப்பையும் தசைகளையும் தாக்குகின்றன. அவை வீங்கினால் விரிய இடமில்லை, சுற்றிலும் எலும்பு. அதனால் கண் முன்னே பிதுங்குகிறது. பெரும்பாலும் முதலில் விறைப்பது கீழ்த்தசை. அது இழுத்துப் பிடிப்பதால் அந்தக் கண் மேலே திரும்பாது. அதுதான் சிக்னல் இரண்டாகத் தெரிந்த காரணம். சிலருக்கு ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு சரியாக இருக்கும்போதே இந்த நோய் வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

நம் ஓட்டுநர் பீடி பிடிப்பவர். புகைப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பும் கூடுதல், கடுமையும் கூடுதல். ஸ்டீராய்டு சரியாக வேலை செய்யாது. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தால் கண் மோசமாகும் அபாயமும் அவர்களுக்கே அதிகம். நோயாளி தன் கையால் மாற்றக்கூடிய மிகப் பெரிய காரணம் இதுதான். குறைத்துக்கொள்வது போதாது, அடியோடு விட வேண்டும்.

நோய் சீறும் காலம் சில மாதங்கள் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் வரை நீளும்; பிறகு அடங்கும். சிகிச்சை இந்தக் கணக்கைப் பார்த்தே நடக்கிறது. முதலில் தைராய்டு அளவை ஏறாமலும் இறங்காமலும் நிறுத்துவார்கள். கண் உலராமலிருக்கச் செயற்கைக் கண்ணீர் உண்டு. லேசான நோய்க்கு ஆறு மாதம் செலினியம் தருவதுண்டு. ஓட்டுநரின் நிலையில், மீத்தைல்பிரெட்னிசலோனை வாரம் ஒரு முறை டிரிப்ஸில் ஏற்றுவார்கள்: ஆறு வாரம் அரை கிராம், அடுத்த ஆறு வாரம் அதில் பாதி. கல்லீரலையும் சர்க்கரையையும் கவனித்தபடியே இதைச் செய்ய வேண்டும். வலியும் சிவப்பும் தணியும். ஆனால் பிதுங்கிய கண் முழுதாக உள்ளே போய்விடாது. அதுவரை இரட்டைப் பார்வைக்குப் பிரிஸம் ஒட்டிய கண்ணாடி போடலாம். இரண்டாகத் தெரியும்வரை அவர் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது.

அறுவை சிகிச்சைக்கு அவசரப்படுவது தவறு. நோய் அடங்கி ஏறக்குறைய ஆறு மாதம் மாற்றமில்லாமல் இருந்த பிறகே செய்வது வழக்கம். தேவைப்பட்டால் எலும்பை எடுத்து இடம் தருவது முதலில், அடுத்து தசை, கடைசியில் இமை. ஒவ்வொன்றும் அடுத்ததன் அளவை மாற்றிவிடுவதால் இந்த வரிசை.

காத்திருக்கக் கூடாத ஒன்று உண்டு. வீங்கிய தசைகள் பார்வை நரம்பை நெரித்தால் நிறங்கள் மங்கும். ஒவ்வொரு கண்ணாக மூடி, ஒரு சிவப்புப் பொருளைப் பாருங்கள். ஒரு கண்ணில் சிவப்பு வெளுத்துத் தெரிந்தாலோ பார்வை மங்கினாலோ, அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.