மெயில் கோப்பு உடைந்தால் முதல் வேலை நகல்

திருப்பூரில் ஒரு சின்ன ஏற்றுமதி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். மதியம் கரண்ட் போகிறது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துப்போனது அன்றைக்குத்தான் தெரிகிறது. கரண்ட் வந்ததும் கணக்குப் பிரிவுக் கணினியில் அவுட்லுக்கைத் திறந்தால், மெயில் கோப்பில் பிழைகள் இருப்பதாகச் சொல்லிவிட்டு அது அங்கேயே நின்றுவிடுகிறது. உள்ளே எட்டு வருட மெயில். பையரின் ஆர்டர், சாம்பிள் துணியின் நிறத்துக்கு அவர் தந்த ஒப்புதல், சரக்கு தாமதமானபோது நடந்த வாக்குவாதம், எல்லாம் அதில்தான்.

உடனே யாராவது ஒருவர் இணையத்தில் தேடி ஒரு ரிப்பேர் மென்பொருளை இறக்கி ஓடவிடுவார். பாதி நஷ்டம் அந்த அவசரத்தில்தான் நடக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது கோப்பின் பெயர் முடியும் விதம். கன்ட்ரோல் பேனலில் Mail என்பதைத் திறந்து Data Files பொத்தானை அழுத்தினால், அவுட்லுக் திறக்காத நிலையிலும் கோப்பு எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பெயர் .ost என்று முடிந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. அது சர்வரில் இருக்கும் மெயிலின் பிரதிதான். பழைய கோப்பின் பெயரை மாற்றிவைத்துவிட்டு அவுட்லுக்கைத் திறந்தால், சர்வரில் இருப்பதை மறுபடி இறக்கிப் புதிதாக ஒன்றை அதுவே உருவாக்கிக்கொள்ளும். .pst என்று முடிந்தால் கதை வேறு. பாப் முறையில் இறங்கும் மெயில் சேர்வது அதில்தான். பழைய மெயிலுக்கு உலகத்திலேயே அந்த ஒரு பிரதிதான் இருக்கும். நம் அலுவலகத்தில் இருந்தது 14 ஜிபி அளவுள்ள .pst.

மெயில்கள் அதற்குள் நோட்டுப் புத்தகம்போல் வரிசையாக இருக்கும் என்று நினைத்தால் தவறு. ஒரு மெயிலின் உடல் ஓரிடத்தில், இணைப்பு வேறோரிடத்தில் என்று துண்டுதுண்டாகக் கிடக்கும். எந்தத் துண்டு எங்கே என்று சொல்லும் அட்டவணைகளும் அதே கோப்புக்குள்தான். ஒவ்வொரு துண்டின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. துண்டில் ஒரு எழுத்து மாறினாலும் அந்தக் கணக்கு உதைக்கும். அட்டவணையைத் திருத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால், துண்டு பத்திரமாக இருக்கும், ஆனால் அது இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது. அதனால்தான் உடைந்த கோப்பிலிருந்து இவ்வளவு மெயில் திரும்பக் கிடைக்கிறது.

எனவே அவுட்லுக்கை மூடிவிட்டு, அந்த .pst கோப்பை அப்படியே வேறொரு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். இனிச் செய்யும் எல்லா வேலையும் நகலின் மேல்தான். நகல் எடுப்பதே ஒரு சோதனையும்கூட. நடுவில் `cyclic redundancy check` என்ற பிழை வந்து நின்றால், கெட்டிருப்பது மெயில் கோப்பு மட்டுமல்ல, ஹார்ட் டிஸ்க்கே. அப்போது கணினியை அணைத்துவிட்டு டேட்டா மீட்பவரிடம் டிஸ்க்கைக் கொண்டுபோவதுதான் சரி. மேலும் ஓட ஓட அது இன்னும் கெடும்.

நகல் முழுதாக வந்துவிட்டால், அதற்கு உயிர் இருக்கிறதா என்று நாடி பிடித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு .pst கோப்பும் `!BDN` என்ற நான்கு எழுத்துக்களில்தான் தொடங்கும். விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் இந்த வரியைத் தட்டினால் போதும்:

```
Get-Content D:\copy\mail.pst -Encoding Byte -TotalCount 4
```

33, 66, 68, 78 என்று நான்கு எண்கள் வந்தால் தலை பத்திரமாக இருக்கிறது என்று பொருள். நான்கும் பூஜ்யமாக வந்தால் கோப்பின் தலையே துடைக்கப்பட்டிருக்கிறது. சாதாரணக் கருவிகள் அதை மெயில் கோப்பாகவே ஏற்காது.

நம் கோப்பில் எண்கள் சரியாக வந்தன. இனித்தான் ரிப்பேர். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். பழைய வகை அவுட்லுக்கோடு ஒரு கருவி சத்தமில்லாமல் கூடவே வருகிறது. அண்மைப் பதிப்புகளில் அது பெரும்பாலும் இங்கே இருக்கும்:

```
C:\Program Files\Microsoft Office\root\Office16\SCANPST.EXE
```

அங்கே இல்லாவிட்டால் `Program Files (x86)` பக்கம் தேடலாம். கருவியைத் திறந்து நகலைக் காட்டி Start அழுத்தினால் பல கட்டங்களாகச் சோதிக்கும். 14 ஜிபி என்றால் பொறுமை வேண்டும். திரை உறைந்ததுபோல் தெரிந்தாலும் இடையில் நிறுத்தக் கூடாது. முடிவில் சின்ன முரண்பாடுகள்தான், ரிப்பேர் உங்கள் விருப்பம் என்று சொன்னால் சேதம் குறைவு. பிழைகள் இருப்பதாகச் சொன்னால், ரிப்பேருக்கு முன் பேக்கப் எடுக்கும் டிக் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு Repair அழுத்தலாம். அந்த .bak கோப்பும் 14 ஜிபி இருக்கும். டிஸ்க்கில் இடம் இருக்க வேண்டும். ஒருமுறை ஓட்டியதோடு விடாமல், பிழை இல்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவது வழக்கம்.

இந்தக் கருவியைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கோப்பை மறுபடி திறக்கும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் இதன் வேலை. ஒவ்வொரு மெயிலையும் காப்பாற்றுவதாக அது வாக்குக் கொடுக்கவில்லை. கணக்கு ஒத்துவராத துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு மேலே போகும். அதையும் நீங்கள் கொடுத்த கோப்பிலேயே செய்யும். நகலின் மேல் வேலை செய்யச் சொன்னது இதற்குத்தான்.

ரிப்பேர் ஆன கோப்பை அவுட்லுக்கில் திறந்து Ctrl+6 அழுத்தினால் எல்லா ஃபோல்டர்களும் தெரியும். தாய் ஃபோல்டரைத் தொலைத்த மெயில்கள் `Lost and Found` என்ற பெயரில் குவிந்திருக்கும். சில சமயம் `Recovered Personal Folders` என்று தனியே ஒன்றும் தோன்றும். ஏமாற்றம் வரும் இடம் இது. மெயில் இருக்கும், எந்த ஃபோல்டரில் இருந்தது என்ற தகவல் போயிருக்கும். புதிதாக ஒரு .pst உருவாக்கி, கிடைத்ததையெல்லாம் அதற்குள் இழுத்துப் போட்டு, இனி அதையே பயன்படுத்துவது நல்லது. ஒருமுறை உடைந்து ஒட்டிய கோப்பில் தினசரி வேலையைத் தொடரக் கூடாது. ஏதோ குறைகிறது என்று தோன்றினால், .bak கோப்பின் பெயரை .pst என்று முடியும்படி மாற்றி, அவுட்லுக்கின் Import வழியாக அதிலிருந்தும் எடுத்துப் பார்க்கலாம்.

உடைவதற்குச் சற்று முன் வந்த மெயில்கள்தான் பெரும்பாலும் காணாமல் போகும்; கரண்ட் போனபோது எழுதப்பட்டுக்கொண்டிருந்தவை அவைதானே. இங்கே ஒரு அதிர்ஷ்டம் உண்டு. பாப் கணக்கில் சர்வரில் ஒரு பிரதியை 14 நாள் விட்டுவைக்கும் வசதியை அவுட்லுக் வழக்கமாகத் தானே போட்டு வைத்திருக்கும். யாரும் அதை எடுத்துவிடாமல் இருந்தால், புதிய ப்ரொஃபைல் ஒன்றில் கணக்கைச் சேர்த்ததும் கடைசி இரண்டு வார மெயில்கள் மறுபடி வந்து இறங்கும். ஆனால் அவர்கள் அனுப்பிய மெயில்கள் அப்படி வராது. பெற்றவர்களிடம் கேட்டு வாங்குவதைத் தவிர அதற்கு வழி இல்லை.

காசு வாங்கும் மென்பொருள்கள் எல்லாம் ஏமாற்று அல்ல. `SCANPST` எறிந்த துண்டுகளைக்கூடச் சில பொறுக்கி எடுக்கும். பலவற்றில் இலவசப் பதிப்பே மீட்கக்கூடிய மெயில்களைத் திரையில் காட்டிவிடும். நமக்கு வேண்டிய மெயிலைத் திறந்து படிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டலாம். இணையத்தில் கோப்பை ஏற்றச் சொல்லும் தளங்களுக்கு மட்டும் எட்டு வருடக் கடிதப் போக்குவரத்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றினாலும், முதலில் எடுத்த நகலை இரண்டு மூன்று மாதமாவது அழிக்காதீர்கள். எந்த மெயில் வரவில்லை என்பது, அதைத் தேடும் அன்றைக்குத்தான் தெரியும்.