ஐந்நூறு சணல் பைகள், தீபாவளிக்குள்

"கையால் செய்த சணல் பைகள். நிறுவனப் பரிசுகளுக்கு மொத்த ஆர்டர் ஏற்கப்படும்." தீபாவளி நெருங்கினால் மகளிர் சுய உதவிக் குழுக்களின் இப்படிப்பட்ட அறிவிப்புகளைப் பார்க்கலாம். நான்கு பைகளின் படமும் ஒரு கைபேசி எண்ணும் இருக்கும். ஐந்நூறு பை கேட்டு ஒரு நிறுவனம் அழைத்துவிட்டால் குழுவில் என்னென்ன நடக்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதல் வேலை துணி. சணல் பெரும்பாலும் விளைவது மேற்கு வங்கத்தில்; ஆலைகளும் ஹூக்ளி ஆற்றங்கரையில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அங்கிருந்து ரோல் ரோலாக லாரியில் வரும். 14 அங்குல அகலம், 15 அங்குல உயரம், 5 அங்குலப் பக்கப்பட்டை உள்ள பைக்கு ஏறக்குறைய அரை மீட்டர் துணி போகும். ஐந்நூறுக்கு 250 மீட்டர், சேதாரத்துக்கு இன்னொரு 15 மீட்டர். சாயத் துணியென்றால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். குறைகிறதே என்று பிறகு வாங்கும் ரோலின் நிறம் சற்று மாறியிருந்தாலும், பைகளை வரிசையாக அடுக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். புதுத் துணியில் எண்ணெய் வாடையும் இருக்கும். நூற்பதற்கு முன் சணல் நாரை மிருதுவாக்க எண்ணெய் கலந்த நீரைத் தெளிப்பதால் வருவது அது. உள்ளே இனிப்புப் பெட்டி வைக்கப் போகிறார்களென்றால் சில நாள் காற்றாட விரித்துவைத்த பிறகே வெட்ட வேண்டும்.

லோகோவை அச்சிட்டு முடித்த பிறகுதான் தைப்பார்கள். தைத்த பையில் மடிப்பும் தையல் மேடும் இருப்பதால் ஸ்கிரீன் சமமாகப் படியாது. சணலின் நெசவு பெரியது. மெல்லிய கோடுகள் அறுபடும், பொடி எழுத்துகளில் மை பரவி அடைத்துக்கொள்ளும். காகிதத்தில் அழகாக இருக்கும் லோகோ பையில் குழம்பிப்போனால் குற்றம் குழுவின் தலையில்தான் விழும். ஒரு சாம்பிள் பை அனுப்பி, எழுத்துமூலம் ஒப்புதல் வாங்காமல் மீதியை அச்சிடக் கூடாது.

வீட்டுத் தையல் மெஷின் இதற்குப் போதாது. கைப்பிடியும் மடித்த விளிம்பும் சேரும் இடத்தில் நாலைந்து மடிப்புத் துணி வரும். அங்கே ஊசி உடையும். கனமான தொழிற்சாலை மெஷினும் தடித்த ஊசியும் தேவை. லேமினேஷன் துணியில் தையலை நெருக்கமாகப் போட்டால் துளைகள் வரிசையாக விழுந்து, தபால்தலை கிழிவதுபோல அந்த வரியிலேயே கிழியும். வாங்குபவர் இதைச் சோதிப்பது எளிது: சாம்பிள் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு ஒரு நாள் ஆணியில் தொங்கவிட்டு, கைப்பிடியின் அடியைப் பாருங்கள்.

லேமினேஷன் என்றேன். பை விறைப்பாக நிற்பதற்காகத் துணியின் உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் அது. அந்தப் பையை 'முழுக்க மக்கும் பை' என்று விற்பது தவறு. பிளாஸ்டிக்கே வேண்டாம் என்கிற நிறுவனத்துக்குப் பருத்தி உள்துணி வைத்த பையைத் தரலாம், விலை கூடும். எதைத் தருகிறோம் என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இனி நாள் கணக்கு. குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தாலும் தைப்பவர்கள் நான்கு பேர்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளைக்குப் பதினைந்து பை என்றால் ஐந்நூறுக்கு ஒன்பது நாள். துணி வந்து சேர, சாம்பிள் ஒப்புதல் பெற, அச்சு காய, சரிபார்த்துக் கட்ட என்று எல்லாம் சேர்ந்தால் ஒரு மாதம் ஓடிவிடும். தீபாவளியையொட்டி வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடும். சணல் ஈரத்தை உறிஞ்சும், அச்சு காயாது, காயாமல் கட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். பதினைந்து நாளில் வேண்டும் என்று ஐப்பசியில் வரும் ஆர்டர் பெரும்பாலும் சண்டையில்தான் முடியும்.

பணத்துக்கும் ஒரு மாதிரிக் கணக்கு. துணி 75 ரூபாய், கைப்பிடி, நூல், ஓரப்பட்டை 20, அச்சு 10, கூலி 45, போக்குவரத்தும் மின்சாரமும் 10. அடக்கம் 160. விலை 180 என்றால் மொத்தம் 90,000 ரூபாய். இதில் கூலி தொடுவதற்கு முன்பே பொருளுக்கு மட்டும் 52,500 போய்விடும். பாதி முன்பணம் வாங்கினால் அதுவும் ஈடாகாது. அறுபது சதவீதம் கேட்க வேண்டும். கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்லும் குழுக்கள் ஆர்டரை எளிதாகப் பிடிக்கும், அடுத்த வருஷம் இருக்காது.

மீதிப் பணத்துக்குச் சட்டத்தின் துணை உண்டு. குழுவின் பெயரில் உத்யம் பதிவு செய்திருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாமதித்தால் வட்டியும் சேரும். பதிவு எண்ணை பில்லில் அச்சிட்டுவிடுங்கள்.

பரிசு வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு: தீபாவளிப் பைகளுக்கு ஆடியிலேயே ஆர்டர் கொடுங்கள், முன்பணத்தோடு. குழுவினருக்கு: முன்பணம் தர மறுக்கும் நிறுவனத்தின் ஐந்நூறு பை ஆர்டரை வேண்டாமென்று சொல்வதே லாபம்.